பிறை தெரியாத நாளுக்காக ஒரு மின்னஞ்சல்

2025 மார்ச் 19 அன்று, நான் படிக்கும் ஊட்டி கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கான அட்டவணை ஒட்டப்பட்டது. தாவரவியல் தேர்வு ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை. அரசு விடுமுறைப் பட்டியலில் ரம்ஜான் மார்ச் 31, திங்கட்கிழமை என்று இருந்ததால், அட்டவணை போட்டவர்கள் பெருநாளுக்கு இடம் விட்டுத்தான் போட்டிருந்தார்கள். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஆண்டு நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியிருந்தது. இருபத்தொன்பதாம் நோன்பான மார்ச் 30 மாலை பிறை தென்பட்டால் திங்கட்கிழமை பெருநாள். தென்படாவிட்டால் நோன்பு முப்பதாகி, பெருநாள் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடும். எங்கள் குன்னூரில் மாலையில் மேகம் இறங்கிவிட்டால் மேற்கு வானமே தெரியாது என்பதால், தலைமைக் காஜியின் அறிவிப்பு வந்த பிறகே எங்களுக்கு உறுதியாகும். அதற்குள் ஞாயிறு இரவாகிவிடும்.

தாவரவியல் பேராசிரியருக்கு நான் முதலில் எழுதிய மின்னஞ்சலில், "பெருநாள் காரணமாகச் செவ்வாய்க்கிழமை தேர்வு எழுத இயலாது" என்று மட்டும் இருந்தது. அதைப் படித்த என் அக்கா, "மேடம் காலண்டரைப் பார்த்தால் திங்கட்கிழமைதானே பெருநாள் என்று நினைப்பார்கள், நீ கூடுதலாக ஒரு நாள் கேட்பதாகத் தோன்றும்" என்றாள். அவள் சொன்னது சரி. பிறைக் கணக்கு தெரியாதவருக்கு அதை விளக்காமல் கோரிக்கை வைப்பது, அவரைச் சந்தேகப்பட வைப்பதற்குச் சமம். மறுநாளே திருத்தி அனுப்பினேன்:

"மதிப்பிற்குரிய மேடம், மார்ச் 30 மாலை பிறை தென்படாவிட்டால் ரம்ஜான் பெருநாள் ஏப்ரல் 1 அன்று வரும். அன்று காலை தொழுகை இருப்பதால் நானும் வகுப்பில் இன்னும் மூன்று பேரும் தேர்வுக்கு வர இயலாது. தேர்வை ஏப்ரல் 2 அல்லது 3 அன்று வைக்க இயலுமா? வகுப்பு முழுவதற்கும் மாற்றுவது சிரமம் என்றால், எங்கள் நால்வருக்கு மட்டும் வேறு வினாத்தாளில் தேர்வு வைத்தாலும் எழுதுகிறோம்."

அந்த மூவரையும் கேட்டுக்கொண்ட பிறகே அவர்களைச் சேர்த்தேன். இது உள்மதிப்பீட்டுத் தேர்வு என்பதால்தான் பேராசிரியரிடமே கேட்க முடிந்தது. பல்கலைக்கழகம் நடத்தும் பருவத் தேர்வின் தேதியை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு மேடம் என்னை அழைத்து, ஞாயிறு இரவு வரை அறுபது பேரைக் காக்க வைக்க இயலாது என்றும், நால்வருக்குத் தனி வினாத்தாள் வைத்தால் கடினம், எளிது என்ற பேச்சு வரும் என்றும் சொல்லி, துறைத்தலைவரின் ஒப்புதலோடு எல்லோருக்குமே புதன்கிழமை, ஏப்ரல் 2 என்று மாற்றிவிட்டார்.

மார்ச் 30 அன்று பிறை தென்பட்டதாக அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமையே பெருநாள் என்றானதும், மாற்றியது வீணாகிவிட்டதே என்று எனக்குச் சங்கடமாக இருந்ததால், அன்றிரவே மேடத்துக்குத் தகவல் எழுதினேன். "பெருநாள் வாழ்த்துகள். தேர்வு புதன்கிழமைதான்" என்று பதில் வந்தது.