இந்தக் கையில் என்ன இருந்தது? எழும்பூர் அருங்காட்சியகத்தில் 45 நிமிடம்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு ஒரே நாளில் சுற்றி முடிக்க நினைத்தால் யானை எலும்புக்கூட்டைத் தாண்டும்போதே கால் வலி என்று உட்கார்ந்துவிடுவார்கள். 1851-இல் தொடங்கிய இடம், பல கட்டடங்கள், நடையே அதிகம். ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வெண்கலச் சிலைக்கூடம் மட்டும் போதும். அதிலும் கைகளை மட்டும் பார்த்தால் போதும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வாசல்வரை போய்த் திரும்புகிறவர்களில் பலரும் இதைக் கவனிக்காதவர்கள்தான். மற்ற நாட்களில் காலை 9.30-க்குத் திறந்ததும் போய்விடுங்கள். பள்ளிக் கூட்டம் வந்துவிட்டால் சிலைக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. சில தளங்களை அவ்வப்போது பராமரிப்புக்கு மூடுவதுண்டு, டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வேறெதற்குள்ளும் நுழையாமல் நேரே வெண்கலக் கூடத்துக்கு. வழியில் திமிங்கல எலும்பைக் காட்டினால் அதோடு அன்றைய திட்டம் போச்சு.

முதலில் திருவாலங்காட்டு நடராஜர். பிள்ளைகளுக்குத் தெரிந்த உருவம், அதனால் தயக்கம் வராது. பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை ‘பயப்படாதே’ என்கிறது. முன் இடக்கை உடலின் குறுக்கே வந்து தூக்கிய காலைக் காட்டுகிறது. நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். படங்களில் பார்த்த நெருப்பு வட்டம் எங்கே என்று கேட்பார்கள். அதற்குத் திருவாசி என்று பெயர், இந்தச் சிலையில் அது இல்லை. இல்லாததைக் கவனிக்கும் கண் அடுத்த சிலைக்குத் தேவைப்படும்.

அடுத்து வடக்குப்பனையூர் ராமர். இடக்கை உயர்ந்து எதையோ பிடித்த மாதிரி வளைந்திருக்கும். வலக்கை விரல்களும் மடங்கியிருக்கும். பிடித்திருப்பது காற்றை. ‘இந்தக் கையில் என்ன இருந்தது?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளையையே அதே மாதிரி நிற்கச் சொல்லுங்கள். சுருட்டிய காகிதம் ஒன்றை இடக்கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் ‘வில்!’ என்று சத்தம் வரும். வலக்கை அம்புக்கு. வில்லைத் தனியாகச் செய்து பொருத்துவார்கள், அதனால்தான் அது பிரிந்துபோகிறது. அம்மன் சிலைகளில் இதே மடக்கிய விரல்கள் பூவுக்காக. இந்த முத்திரைக்குக் கடகம் என்று பெயர், ஆனால் பெயரை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம்.

கடைசியாகத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். ‘மொத்தம் எத்தனை கை?’ என்ற ஒரே கேள்வி. பெரியவர்களே பார்க்காமல் நான்கு என்பார்கள். மூன்றுதான்: சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. பிறகு இரண்டு பக்கத்து ஆடையையும் ஒப்பிடச் சொல்லுங்கள், ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். இங்கே பத்து நிமிடம் நின்றாலும் தகும்.

நேரம் மிச்சமிருந்தால் பீடங்களில் துளைகளைத் தேடலாம். திருவிழாவில் உற்சவரைத் தூக்கிப் போகக் கம்பு கோக்கும் துளைகள் அவை. இந்தச் சிலைகள் ஒரே இடத்தில் நிற்க வார்க்கப்படவில்லை என்பது அதைப் பார்த்ததும் தானாகப் புரிந்துவிடும். மூன்று சிலைக்கு மேல் வேண்டாம். நான்காவதிலிருந்து பிள்ளைகள் சிலையைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதுதான் கிளம்ப வேண்டிய அடையாளம்.

சில சின்ன இடைஞ்சல்கள் வரும். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்து விரல்கள் தெரியாது. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், பிரதிபலிப்பு விலகும் இடம் கிடைக்கும். வரைய பென்சில் கொடுங்கள், பேனா வேண்டாம். முழுச் சிலையை வரையச் சொன்னால் முகத்திலேயே மாட்டிக்கொண்டு அழிப்பார்கள். ஒரு கை மட்டும் போதும்.

பரிசை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்: வெளியே வந்ததும் ஒரு குச்சி ஐஸ், அவ்வளவுதான். உள்ளே அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சிலைகள் ஐஸுக்கான தடைக்கற்களாகிவிடும், பிள்ளைகள் ஓட ஆரம்பிப்பார்கள். சரியான விடைக்கு ஒன்று என்று வைத்தால் அண்ணன் தங்கைக்குள் சண்டை நிச்சயம். விடை தப்பானாலும் எல்லோருக்கும் ஒரே பரிசு. இரண்டாவது பரிசு வீட்டுக்கு: உள்ளங்கையளவு களிமண். வரைந்து வந்த கையை அதில் பிடிக்கட்டும். மடக்கிய விரல்களுக்கு நடுவே ஒரு குச்சி நிற்கும் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். காய்ந்தபின் ஈர்க்குச்சியைச் செருகினால் ராமரின் வில் திரும்பக் கிடைத்துவிடும்.