நான்கு கொக்கிகளும் ஒரு கொசுவலையும்

ஆறேகால் அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள எங்கள் கட்டிலுக்குப் பெட்டி வடிவக் கொசுவலை ஒன்றை வாங்கியபோது, வலையின் நான்கு மூலைகளுக்கும் நேர் மேலே கூரையில் நான்கு கொக்கிகளைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன். அவ்வாறே செய்தேன், மறுநாள் காலையில் வலையின் மேற்பரப்பு தொட்டில்போல் நடுவில் தொங்கிக் கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் பக்கவலையும் உள்ளே ஒதுங்கி என் முழங்கையில் படிந்திருந்தது. படிந்த இடத்தில் மட்டும் வரிசையாகக் கடித்தடங்கள்.

கயிறு நேர் மேலே சென்றால் அது வலையைத் தூக்குமே தவிர விரிக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கள் கூரை பத்தடி உயரம், வலையின் மேல்விளிம்பு ஏழடியில் நிற்கிறது. இடையில் மூன்றடி ஏறும் கயிறு வெளிப்புறமாகவும் இழுக்க வேண்டுமானால், கொக்கி மூலையிலிருந்து குறுக்குவாட்டில் ஓரடியாவது தள்ளி இருக்க வேண்டும். கூரை இன்னும் உயரமானால் இன்னும் தள்ளி. தலைமாட்டுச் சுவர் அதற்கு இடம் தராததால் கட்டிலை ஓரடி முன்னால் நகர்த்தினேன். தலையணை பின்னால் விழுகிறது என்ற புகார் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

புதிய துளைகளை ஆறு மில்லிமீட்டர் முனையால் போட்டேன். காகிதக் குவளையின் அடியைத் துளைத்து முனையில் செருகிக்கொண்டதால் தூசி கண்ணில் விழவில்லை. ஓரிடத்தில் கிறீச்சென்ற சத்தத்துடன் முனை நின்றுவிட்டது. கம்பி தட்டியிருக்கிறது என்று ஓர் அங்குலம் தள்ளிப் போட்டேன். மின்விசிறியிலிருந்து சுவர் சுவிட்சை நோக்கிக் கூரைக்குள் வயர்க்குழாய் செல்லக்கூடும் என்பதால் அந்தப் பாதையை மட்டும் முற்றிலும் தவிர்த்தேன்.

கயிற்றில்தான் அதிக நேரம் போயிற்று. முதலில் கட்டிய நைலான் கயிறு வழுக்கியதோடு நாளடைவில் நீளவும் செய்ததால், முறுக்கிய பருத்திக் கயிற்றுக்கு மாறினேன். அதைக் கொக்கியில் மாட்டித் திருப்பிக் கொண்டுவந்து, அதே கயிற்றின்மேல் வளையத்தின் உட்புறமாக இரண்டு சுற்றும் வெளிப்புறமாக ஒரு சுற்றும் சுற்றி முடிந்தால், முடிச்சைக் கையால் நகர்த்தலாம், ஆனால் பாரம் இழுக்கும்போது அது நகராது.

இழுவை சரியாக அமையாததற்கு வேறொரு காரணமும் இருந்தது: வலை சும்மா தொங்கும்போது கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் அது மேலேதான் ஏறும். ஆகவே முதலில் கீழ்விளிம்பை அரையடி அளவுக்கு மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடிச்சுகளை ஏற்றினேன். செருகிய விளிம்பு வெளியே நழுவத் தொடங்கினாலோ மூலை நாடாவின் தையல் வாய்விரித்தாலோ இறுக்கம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு மூலையில் எனக்கு அந்தத் தையல் இரண்டு கண்ணி பிரிந்த பிறகே கையை நிறுத்தினேன். இப்போது மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டாலும் மேற்பரப்பின் நடுப்பகுதி நான்கு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை.