மூலையில ஒரு டைல்

எங்க ஸ்கூல் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டதும் எனக்கு ஸ்போர்ட்ஸ் மீட் எல்லாம் ஞாபகம் வரல, ஒண்ணாங்கிளாஸ் டீச்சரோட மணி டப்பாதான் வந்துச்சு.

அன்னைக்கு ஒரு கயித்துல சிவப்பு ஒண்ணு நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு நீலம் ரெண்டு, சிவப்பு ஒண்ணு நீலம் மூணுன்னு கோத்துக் குடுத்து மேல கோருங்கன்னாங்க. பாதிப் பேரு மூணு முடிஞ்சதும் திரும்ப நீலம் ஒண்ணுல ஆரம்பிச்சுட்டோம், ஏன்னா அதுவரைக்கும் பேட்டர்ன்னா சிவப்பு நீலம் சிவப்பு நீலம்னு சுத்திச் சுத்தி வர்றதுதான் எங்களுக்கு. டீச்சர் தப்புன்னு சொல்லல. "இதுவும் பேட்டர்ன்தான், ஆனா இது திரும்பி வர்றது, நான் கேக்குறது வளர்றது"ன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு சிவப்பு மணியையும் தொட்டு அதுக்கப்புறம் எத்தனை நீலம்னு எண்ண வச்சாங்க. சிவப்பு மணி வேலி மாதிரி, அது இல்லன்னா எங்க ஒண்ணு முடிஞ்சு எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

அப்புறம் டைல். முதல்ல ஒத்த டைல், அடுத்தது மூணு டைல்ல இங்கிலீஷ் எழுத்து மாதிரி ஒரு எல், அதுக்கடுத்தது அஞ்சுல கொஞ்சம் பெரிய எல். ஒவ்வொரு தடவையும் புதுசா சேர்ந்த ரெண்டை மட்டும் மஞ்சள்ல வைப்பாங்க. என்ன நடக்குதுன்னு கேட்டா எல்லாரும் "பெருசாகுது மிஸ்", அவ்ளோதான். எப்படிப் பெருசாகுதுன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல.

அதுக்குத்தான் அந்த அட்டை விளையாட்டு. நடுவுல அட்டையை நிமித்தி வச்சுட்டு, இந்தப் பக்கம் நான் அந்த எல் வடிவத்தைப் பாத்து வாயால சொல்லணும், அந்தப் பக்கம் என் ஃப்ரெண்ட் பாக்காமலே அடுக்கணும். நான் பெரிய ஆள் மாதிரி "ரெண்டு ரெண்டா கூடும்டா"ன்னேன். அட்டையை எடுத்துப் பாத்தா ரெண்டு, நாலு, ஆறு! எதுல ஆரம்பிக்கணும்னு நான் சொல்லவே இல்லையே. சரின்னு "ஒண்ணுல ஆரம்பி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு சேரு"ன்னேன். இப்ப ஒண்ணு, மூணு, அஞ்சு கரெக்ட், ஆனா எல்லாம் ரயில் மாதிரி நேரா நிக்குது. எண்ணிக்கை சரி, எங்க வைக்கணும்ங்கிறது போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, டீச்சர் வந்து மஞ்சள் டைலைக் காட்டி "இது ரெண்டும் எங்க உக்காந்திருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மூணாவது தடவை சொன்னேன், "மூலையில ஒண்ணு வை, அப்புறம் ஒவ்வொரு தடவையும் மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு." அதை வச்சே அஞ்சாவது எல் எத்தனைன்னு அடுக்காம சொல்லிட்டோம், மூலை ஒண்ணு, மேல நாலு, பக்கத்துல நாலு, மொத்தம் ஒம்போது. பத்தாவது எத்தனைன்னு டீச்சர் கேக்கல, அந்த வயசுக்கு அது ஜாஸ்தின்னு இப்ப தோணுது.

அட்டையை எடுத்தா அவன் எல் அத்தனையும் இடது பக்கம் பாத்து நிக்குது. "எந்தப் பக்கம்னு நீ சொல்லலையே"ன்னான் படுபாவி.