ஒரே மெயிலில் தமிழும் ஆங்கிலமும்: எதை மேலே வைப்பது?

காரைக்குடியில் பூர்வீக வீடுகளின் கணக்கும் பராமரிப்பும் பார்க்கிற அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். பெரியவர்கள் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருக்க, பிள்ளைகள் சென்னையில், பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும். அந்தப் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்க வராது. பெரியவர்களில் சிலருக்கு ஆங்கிலம் வராது. எல்லாருக்கும் ஒரே தகவல் ஒரே நாளில் போக வேண்டும், ஒரு தரப்புக்குச் சொன்னது இன்னொரு தரப்புக்குத் தெரியவில்லை என்ற பேச்சே வரக்கூடாது. அதனால் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே மெயிலில் இரண்டு மொழியும் வைப்போம்.

எந்த மொழி மேலே என்பதை முதலில் மரியாதைப் பிரச்சினையாகத்தான் பேசுவார்கள். எனக்கு அதைத் தெளிவாக்கியது ஓர் ஆச்சி சொன்னது. இரண்டாம் கட்டு ஓடு மாற்றுவது பற்றி, வேலையை எடுத்திருந்த பொறியாளர் அலுவலகம் ஒரு மெயில் அனுப்பியிருந்தது. மேலே ஆங்கிலம், அதன் கீழே அதே விஷயம் நல்ல தமிழில். ஆச்சியிடமிருந்து பதில் இல்லை. போன் செய்து கேட்டேன். "வந்துச்சு தம்பி. இங்கிலீஷா இருந்துச்சு, நம்ம பையனுக்கு வர வேண்டியது போலன்னு விட்டுட்டேன்" என்றார்கள். கீழே தமிழ் இருந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை. போன் திரையில் முதல் பக்கம் முழுக்க ஆங்கிலம் நிறைந்திருந்தால், அடியில் தமிழ் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கோலாலம்பூர்ப் பேரனுக்கும் இதே கதைதான், மொழி மட்டும் மாறும். மேலே தமிழைப் பார்த்ததும் அப்பாவுக்கு வந்த மெயில் என்று விட்டுவிடுவார். ஆனால் கீழே ஆங்கிலம் இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் அவர் விரலால் தள்ளிப் போய்விடுவார். ஆச்சி தள்ளிப் பார்க்க மாட்டார்கள். அதனால் யாருக்குத் தேடிப் போவது சிரமமோ அவர்கள் மொழி மேலே என்று முடிவு செய்தோம். வீட்டு விஷயம் என்றால் தமிழ் மேலே. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பங்காளிகள் கையெழுத்திட வேண்டிய வரி, வங்கிக் காகிதங்கள் என்றால் ஆங்கிலம் மேலே. அங்கே வேலை அவர்களுக்குத்தான்.

அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மெயிலைத் திறப்பதற்கு முன்பே, இன்பாக்ஸ் பட்டியலில் தலைப்பை ஒட்டி உள்ளேயுள்ள முதல் வரி கொஞ்சம் தெரியும். அங்கே "அன்புடையீர், வணக்கம்" என்று வீணாக்காமல், ஆங்கிலத்தில் "ஆங்கிலம் கீழே" என்று வைக்கிறோம். தலைப்பு தமிழில் தொடங்குகிறது, முன்னோட்ட வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. திறக்காமலே இரண்டு தரப்புக்கும் தங்களுக்கும் இதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி தலைப்பு. நம் அலுவலகக் கடிதங்களில் "பொருள்:" என்று போட்டு எழுதுகிற பழக்கம் கையோடு வரும்: "நமது பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டு ஓடு மாற்றும் பணி குறித்துப் பங்காளிகள் கூட்டம் நடத்துவது தொடர்பாக." தாளில் இது சரி. போனில் ஏறக்குறைய முப்பது, நாற்பது எழுத்தோடு தலைப்பு வெட்டுப்படும், தமிழ் எழுத்து அகலமானதால் அதைவிடச் சீக்கிரமாகவே. தமிழில் முக்கியமான சொல் கடைசியில்தான் வரும் என்பதால், வெட்டுப்படுவது "கூட்டம்" என்கிற சொல்லேதான். "நமது பூர்வீக வீட்டின்" மட்டும் மிஞ்சும். இதன் பின்னால் ஆங்கிலத்தைச் சேர்த்தால் அது திரைக்கே வராது. இப்போது நாங்கள் போடுவது இவ்வளவுதான்:

```
ஜூன் 14 வீட்டுக் கூட்டம் | June 14 house meeting
```

தேதி முதலில், காரியம் அடுத்து. ஓடு, செலவு, பங்குத்தொகை எல்லாம் உள்ளே. ஆங்கிலப் பாதி வெட்டுப்பட்டாலும் 14 என்ற எண் இரண்டு தரப்புக்கும் தெரியும். தேதியை 5/6 என்று எண்ணாக எழுதுவதில்லை. நமக்கு அது ஜூன் 5, அமெரிக்காவில் வளர்ந்தவருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் போட்டு, கிழமையையும் உள்ளே சேர்த்துவிடுவோம்.

தலைப்பைச் சுருக்க இன்னொரு காரணமும் உண்டு. மெயில் தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் அது வழக்கமாகக் குறியாக்கப்பட்டுத் துண்டுகளாகத்தான் போகும், குறியாக்கிய ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. குறியாக்கும்போது ஒரு தமிழ்க் குறி பல குறிகளாக விரிந்துவிடும். அதனால் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால், ஒரு துண்டில் அதிகபட்சம் 15 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். நீளமான தலைப்பு பல துண்டுகளாகப் போகும். பழைய மென்பொருள் ஏதாவது அதை எழுத்தின் நடுவில் வெட்டினால், சேருமிடத்தில் கேள்விக்குறியோ கட்டமோ வந்துவிடும். தலைப்பின் நடுவில் மட்டும் ஓர் எழுத்து உடைந்து தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் தன் மொழியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு நெடுவரிசை அட்டவணையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணினியில் அழகாக இருக்கும், போனில் ஒரு வரிக்கு இரண்டு சொல் என்று நசுங்கிப்போகும். முழுத் தமிழ், அப்புறம் முழு ஆங்கிலம் என்பதுதான் நிற்கிறது. மொழிவாரியாகப் பிரித்து, வாசிப்பவரின் மொழியை மட்டும் காட்டுகிற மெயில் வடிவம் ஒன்று 2017-இல் RFC 8255 என்ற தர ஆவணமாக வந்தது. ஆனால் நம் பங்காளிகள் பயன்படுத்துகிற செயலிகளை நம்பி அதை அனுப்ப முடியாது.

நடுவே என்ன போடுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பலர் இரண்டு சிறு கோடும் ஓர் இடைவெளியும் மட்டும் கொண்ட வரியைப் போட்டுப் பிரிப்பார்கள். மெயில் உலகில் அந்த வரிக்கு "இதற்குக் கீழே கையொப்பம்" என்று பொருள். சில செயலிகள் அதன் கீழே இருப்பதை மங்கலாகக் காட்டும், பதில் அனுப்பும்போது மேற்கோளிலிருந்து நீக்கியும் விடும். தண்டர்பேர்ட் அப்படித்தான் செய்யும். ஆங்கிலப் பாதி மட்டும் சாம்பல் நிறத்தில் வந்தது என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வரியைத்தான் பாருங்கள். கோட்டுக்குப் பதில் ஒரு பாதிக்குத் "தமிழ்" என்றும் அடுத்ததற்கு ஆங்கிலத்தில் அதன் பெயரும் தடித்த எழுத்தில் தலைப்பாக வைத்தால் போதும். போனில் உருட்டும்போது கண் அங்கே நிற்கும்.

எனக்கு உண்மையில் பயம் இருப்பது எண்களில். ஒருவர் தன் பாதியை மட்டும்தான் வாசிப்பார் என்பதால் தேதி, நேரம், தொகை, கணக்கு எண் நான்கும் இரண்டு பாதியிலும் இருந்தாக வேண்டும். கடைசி நேரத்தில் காலை 10 மணியை 11 ஆக்கச் சொல்வார்கள், தமிழில் மாற்றுவோம், ஆங்கிலத்தில் 10 அப்படியே நிற்கும். இரண்டு தரப்பும் தங்களிடம் உள்ள எழுத்து ஆதாரத்தோடு வருவார்கள், இரண்டு பேரும் சரி. அதனால் அனுப்புவதற்கு முன் ஒருவர் தமிழ்ப் பாதியின் எண்களை மட்டும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் ஆங்கிலப் பாதியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி கூடுதல் என்பதால், இணையவழியில் சேருபவர்களுக்காக அந்த நேரத்தையும் ஆங்கிலப் பாதியில் எழுதுகிறோம். காலை 11 என்றால் அங்கே பிற்பகல் 1.30.

பதிலும் இரண்டு மொழியில் வரும். ஒருவர் "சம்மதம்" என்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து எழுதுவார். அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருப்போம். இப்போது இரண்டு பாதியின் முடிவிலும் ஒரே மாதிரி கேட்கிறோம்: செலவுக்குச் சம்மதம் என்றால் 1, பேச வேண்டும் என்றால் 2. தலைப்பை மாற்றாமல் பதில் அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறோம். தனக்கு வேண்டிய மொழிக்குத் தலைப்பை யாராவது திருத்திவிட்டால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும், அந்தப் பதில் வேறு இடத்தில் கிடக்கும். ஆச்சி 1 என்று மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதன் கீழே, பட்டாலைக்கு மேலே ஒழுகுகிற இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இருந்தது.