மொழிபெயர்ப்புத் தேர்வில் பாதுகாப்புக் கொள்கை வந்தால்: 6 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்முன் வைக்கும் தேர்வை நான் எழுதியபோது, ஒரு தகவல் பாதுகாப்புக் கொள்கையும் அதன்படி எழுதிய சம்பவ அறிக்கையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கொள்கையில் உள்ள கெடுவை அறிக்கையில் உள்ள நேரங்களோடு போட்டுப் பார்த்தால்தான் உங்கள் வாக்கியம் சரியா என்று தெரியும்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த அல்லது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். 'சம்பவம் நடந்த 6 மணி நேரத்துக்குள்' என்று எழுதத்தான் கை போகும். படிக்கவும் நன்றாக இருக்கும், பொருள்தான் மாறிவிடும். ஒரு கணக்கில் யாரோ நுழைந்ததைக் காட்டும் இந்தக் கணினிப் பதிவைப் பாருங்கள்:

```
2024-03-11T20:45:12Z login success user=svc_backup src=203.0.113.24
```

நேரத்தின் கடைசியில் இருக்கும் Z, அது உலகப் பொது நேரமான யூடிசியில் இருப்பதைச் சொல்கிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 12, அதிகாலை 2:15. தேதியே மாறிவிட்டது. பணியில் இருந்தவர் எச்சரிக்கையைப் பார்த்தது காலை 9:20. ஊடுருவல்தான் என்று உறுதியானது பகல் 12:40. கவனித்ததிலிருந்து எண்ணினால் கெடு பிற்பகல் 3:20. 'நடந்த' என்று எழுதினால் காலை 8:15, அதாவது யாரும் பார்ப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. 'உறுதிசெய்த' என்று எழுதினால் மாலை 6:40 வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு வினைச்சொல்தான் காரணம்.

அறிக்கையில் உள்ள யூடிசி நேரத்தை நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். மூலத்தில் உள்ளபடியே வைத்து, 'யூடிசி' என்று ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிடுங்கள். இந்திய நேரம் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் பக்கத்தில் தனியாகச் சேர்க்கலாம். அதேபோல, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் '72 மணி நேரம்' அப்படியே இருக்கட்டும். 'மூன்று நாட்கள்' என்றால் வெள்ளி மாலை தெரியவந்த விஷயத்தை வேலைநாள் கணக்கில் புதன்வரை தள்ளிவிடுவார்கள். மணிக்கணக்கோ சனி, ஞாயிறையும் சேர்த்தே ஓடுகிறது.

பயனர் பெயர், ஐபி முகவரி, கோப்புப் பெயர் போன்றவற்றோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். 'svc_backup என்ற கணக்கில்' என்று எழுதினால், பின்னால் விசாரிப்பவர் பெயரை அப்படியே நகலெடுத்துப் பதிவுகளில் தேட முடியும். ஃபிஷிங், ரான்சம்வேர், ஃபயர்வால் எல்லாம் தமிழ் எழுத்தில் அப்படியே போகலாம். நான் பார்த்தவரை ஐடி பிரிவில் 'தீச்சுவர்' என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கெடு வரும் வாக்கியங்களை மட்டும் இப்படி மணி போட்டுக் கணக்குப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நேரத்தைக் கடைசியில் ஒதுக்கிவைத்து எழுதுங்கள்.