தைப்பூசக் குறிப்புகளிடம் 30 கேள்விகள்

தைப்பூசத்தன்று காவடிகளுக்கு உதவப் போகும் எங்கள் தொண்டூழியர் குழுவுக்கு 41 பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டால் அதில் தேடி, கிடைத்த 3 பத்திகளை மொழி மாதிரியிடம் கொடுத்துப் பதில் சொல்லும் சின்ன நிரல் ஒன்றைச் சில வாரங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே ஐந்தாறு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன், நன்றாக வருவது போல இருக்கும். ஆனால் அந்தக் கேள்விகள் குறிப்பை எழுதிய என் வாயிலிருந்தே வந்தவை, குறிப்பின் சொற்கள்தான் அவற்றிலும் இருந்தன.

அதனால் குறிப்பைப் பார்த்திராத அண்ணியிடமும் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இருவரிடமும் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். மொத்தம் 30 கேள்விகள், அதில் 6 கேள்விகளுக்குக் குறிப்பில் பதிலே இல்லை. அவற்றை வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன், "குறிப்பில் இல்லை" என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மற்ற 24க்கும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கையாலேயே குறித்தேன்.

```
{"id": 14, "q": "வாகனத்தின் சாவி யாரிடம் இருக்கும்?", "page": 9}
```

பக்க எண் இருந்ததால் தேடல் தவறியதா, பதில் எழுதும்போது தவறியதா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 24இல் 15க்குத்தான் சரியான பக்கம் முதல் 3 பத்திகளில் வந்தது. அந்தப் 15இல் 14 பதில்கள் சரி. ஆக இத்தனை நாள் நான் மாற்றி மாற்றி எழுதிய கட்டளை வாசகத்தில் கோளாறே இல்லை, தேடல்தான் கோளாறு.

தவறிய 9ஐயும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 14ஆம் கேள்விக்கான வரி குறிப்பில் இப்படி இருக்கிறது: "வாகனம் நிறுத்தியதும் சாவியைப் பொருள் பொறுப்பாளரிடம் கொடுக்கவும்." நான் வைத்திருந்தது சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் தேடல். அதற்கு வாகனம் வேறு, வாகனத்தின் வேறு. சாவி வேறு, சாவியைப் வேறு. ஒரு சொல்கூடப் பொருந்தவில்லை! 9இல் 6 இதே வேற்றுமை உருபுச் சிக்கல்தான்.

சரி, சொற்களை மும்மூன்று யூனிகோடு குறிகளாக வெட்டி ஒப்பிட வைத்தேன். வாகனம், வாகனத்தின் இரண்டுக்கும் வ-ா-க, ா-க-ன என்ற துண்டுகள் பொது. 15 இருந்தது 20 ஆனது. ஆறும் மீண்டதே, 21 அல்லவா வரவேண்டும் என்று பழைய பட்டியலோடு ஒப்பிட்டால், முன்பு சரியாக வந்த "பை எங்கே வைப்பது?" இப்போது விழுந்திருந்தது. பை என்பது ப, ை என இரண்டே குறிகள், அதிலிருந்து மூன்று குறித் துண்டு எப்படி வரும்? மூன்று குறிகளுக்குக் குறைவாக உள்ள சொற்களை அப்படியே முழுதாக வைத்ததும் 21.

இங்கே ஒரு கேள்வி ஏறினாலோ இறங்கினாலோ 4 விழுக்காடு மாறிவிடும், அதனால் மொத்த எண்ணைவிட எந்தக் கேள்வி மாறியது என்பதைத்தான் பார்க்கிறேன். அப்புறம், இந்தக் கேள்விகளைப் பார்த்துத்தானே திருத்தினேன், 21ஐ அப்படியே நம்ப முடியாது. தேக்காவில் சந்தித்த இன்னொரு தொண்டூழியர் 10 புதுக் கேள்விகள் எழுதித் தந்திருக்கிறார். அவற்றை இன்னும் திறக்கவில்லை, பத்தி நீளத்தை முடிவு செய்த பிறகு ஒரே ஒரு முறை ஓட்டுவேன்.