திரும்பப் போட்டா போயிடுற எரர்

வேலூர்ல ஒரு லெதர் கம்பெனியோட ஸ்டாக் சாஃப்ட்வேர் பாத்துக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் லோடு ஏத்துற நேரத்துல மட்டும் குடோன்லேருந்து போன் வரும், "இன்னாபா, என்ட்ரி போட்டா எரர் வருது, திரும்பப் போட்டா போயிடுது". இதைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தந்த எரர் நம்பர் 1213, அதாவது டெட்லாக், ரெண்டு பேர் ஒருத்தர் பிடிச்ச லாக்குக்காக இன்னொருத்தர் காத்துக்கிட்டு மாட்டிக்கிறது.

ஒரே சரக்குக்கு ஸ்டாக் டேபிள்ல ராணிப்பேட்டை குடோன் ரோ 11, ஆம்பூர் குடோன் ரோ 27. ராணிப்பேட்டையிலேருந்து ஆம்பூருக்கு அனுப்புறவரு முதல்ல 11ஐ லாக் பண்ணி கழிக்கிறாரு, அப்புறம் 27ல கூட்டணும். அதே நேரத்துல ஆம்பூர்லேருந்து திருப்பி அனுப்புறவரு 27ஐ பிடிச்சிட்டு 11க்கு நிக்கிறாரு. கையில இருக்கறதை விட்டுட்டா என்னன்னு கேக்கலாம், ஆனா டூ-ஃபேஸ் லாக்கிங், சுருக்கமா 2பிஎல்ங்கற முறையில ஒரு லாக்கை விட்டப்புறம் புதுசா எதையும் வாங்கக்கூடாது, மைஎஸ்க்யூஎல்லோட இனோடிபி இன்ஜின் கமிட் வரைக்கும் விடவே விடாது. விட்டா 11ல கழிச்சு 27ல கூட்டாத ஸ்டாக்கை வேற யாராவது பாத்து கணக்கு எழுதிடுவாங்க. அதனால 2பிஎல் கணக்கைக் காப்பாத்தும், டெட்லாக்கைத் தடுக்காது.

டேட்டாபேஸ் இதை எப்படி கண்டுபிடிக்குதுன்னா, யார் யாருக்காக காத்திருக்காங்கன்னு அம்புக்குறி போட்டு பாக்குது, அதான் வெயிட்-ஃபார் கிராஃப். முதல் டிரான்சாக்ஷன்லேருந்து ரெண்டாவதுக்கு ஒரு அம்பு, ரெண்டாவதுலேருந்து முதலாவதுக்கு ஒண்ணு, வட்டம் மூடிடுச்சு. உடனே ரெண்டுல கம்மியா ரோ மாத்தினதைப் பாத்து முழுசா ரோல்பேக் பண்ணிடும், அதாவது அது மாத்தினதை எல்லாம் பழையபடி ஆக்கிடும். இது டிடெக்ஷன், நடந்தப்புறம் பிடிக்கிறது. கடைசியா நடந்ததைப் பாக்க:

```sql
SHOW ENGINE INNODB STATUS;
```

பிரிவென்ஷன்னா வட்டமே மூடாதபடி பண்றது. நாங்க பண்ணினது அதான், சரக்கு எந்தப் பக்கம் போனாலும் சின்ன ஐடியை முதல்ல லாக் பண்ணு:

```sql
SELECT id, qty FROM stock
WHERE id IN (11, 27) ORDER BY id FOR UPDATE;
```

இப்போ ரெண்டு பேரும் 11 கிட்டயே வரிசையில நிப்பாங்க, 11 இல்லாம 27ஐ யாரும் பிடிக்க முடியாது. அவாய்டன்ஸ் வேற, ஒவ்வொருத்தரும் கடைசி வரைக்கும் என்னென்ன கேப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லணும், சிக்காதுன்னு தெரிஞ்சா மட்டும் லாக் குடுக்கறது, டைக்ஸ்ட்ராவோட பேங்கர்ஸ் அல்காரிதம் மாதிரி. எந்த ரோ வேணும்ங்கறதே ஓடும்போதுதான் தெரியுது, அதனால இந்த மாதிரி வேலைக்கு அது ஒத்து வராது (பரீட்சைக்கு மட்டும் ஒத்து வரும்).

வரிசை வச்சதும் போன் குறைஞ்சுது, ஆனா நிக்கல, ஏன்னா பில் போடுற பழைய புரோகிராம் வேற வரிசையில தொடுது, ஒரு புரோகிராம் மீறினாலும் வட்டம் வரும். அதனால 1213 வந்தா டிரான்சாக்ஷனை ஆரம்பத்துலேருந்து திரும்ப ஓட்டற ரீட்ரையையும் சேத்தோம்.

1213ஐயும், லாக் கிடைக்காம டைமவுட் ஆகுற 1205 எரரையும் குழப்பிக்கக் கூடாது. 1205ல பொதுவா வட்டம் இருக்காது, யாரோ லாக்கைப் பிடிச்சுக்கிட்டு கமிட் பண்ணாம டீ குடிக்கப் போயிட்டாங்க, 50 செகண்ட் காத்திருந்து டைமவுட் ஆகுது, அவ்ளோதான். அதுல வழக்கமா அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டைத்தான் ரோல்பேக் பண்ணும், முன்னாடி கழிச்சது அப்படியே நிக்கும், அதுக்கப்புறம் புரோகிராம் பேசாம கமிட் போட்டா ஆம்பூர்ல கூட்டாமலே ராணிப்பேட்டையில ஸ்டாக் குறைஞ்சு போயிருக்கும்.